"98 சதவீதம் துல்லியம்" என்று சொல்லும் தக்காளி ஆப்பை வாங்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் தக்காளி இருக்கு. போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். இலையை போட்டோ எடுத்தா என்ன நோய்னு ஏஐ சொல்லிடும், 98 சதவீதம் துல்லியம், நோய் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடும்னு சொன்னார். வருஷத்துக்கு 6,000 ரூபாய் சந்தா. அப்பா வாங்கிடலாம்ங்கறார். எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது. அவர் சொல்றது நிஜமான்னு நான் எப்படிண்ணா தெரிஞ்சுக்கறது?

பதில்:

தம்பி, இதை முடிவு செய்யக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தக்காளி தெரிந்திருந்தால் போதும், அது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அந்த ஆப்புக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். பேசினால் அவர் பெரிய பெரிய பெயர்களைச் சொல்வார், நாம் தலையாட்டுவோம், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: 98 என்கிறீர்களே, எதில் 98?

நம் பக்கத்து உழவர்கள் இந்த மாதிரி சந்தாவுக்குப் பணம் கட்டும் முன் நான் கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று வருகிறவர்கள் குறைவு. தான் விற்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பதுதான் அதிகம். அதனால் அந்த எண்ணை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

உங்கள் தோட்டத்தில் ஒரு பக்கமாக 1,000 செடி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 செடிக்கு இலைக்கருகல் ஆரம்பித்திருக்கிறது, மீதி 980 நன்றாக இருக்கிறது என்று வைப்போம். இப்போது நான் ஒரு ஆப் செய்கிறேன். எந்த இலையைக் காட்டினாலும் அது "செடி நல்லா இருக்கு" என்று மட்டும்தான் சொல்லும், வேறு எதுவும் அதற்குத் தெரியாது. 1,000 செடியையும் அதில் காட்டினால் 980 செடிக்குச் சரியான பதில் வரும். அதாவது 98 சதவீதம் துல்லியம். ஆனால் நோய் வந்த செடி ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லை. விளம்பரத்தில் "98 சதவீதம்" என்று நான் போட்டுக்கொண்டால் அது பொய்க்கணக்கு ஆகாது, ஆனால் உங்களுக்குக் காசு பெறாது.

அதனால் ஒரே எண்ணை ஏற்றுக்கொள்ளாதீர்கள், இரண்டாகக் கேளுங்கள். நோய் உள்ள 100 இலையில் எத்தனையைப் பிடிக்கும்? நல்ல 100 இலையில் எத்தனையை நோய் என்று தப்பாகச் சொல்லும்? இந்த இரண்டும் தனித்தனியாகத் தெரியாத வரை எந்த சதவீதமும் உங்களுக்குப் பயன்படாது.

இரண்டு பக்கமும் 95 என்று அவர் பதில் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே 1,000 செடியில் போட்டுப் பாருங்கள். நோய் வந்த 20இல் 19ஐப் பிடித்துவிடும், ஒன்று தப்பும். நல்ல 980இல் 5 சதவீதம், அதாவது 49 செடியை நோய் என்று சொல்லிவிடும். மொத்தம் 68 செடிக்கு எச்சரிக்கை வருகிறது, அதில் உண்மை 19தான். ஆப் "நோய்" என்று சொல்லும்போது அது நிஜமாக நோயாக இருப்பது நூற்றுக்கு 28 தடவை. மீதி 72 தடவை நீங்கள் சும்மா மருந்தடிப்பீர்கள், ஆள் கூலி கொடுப்பீர்கள்.

இதே ஆப்பை நோய் நன்றாகப் பரவிய தோட்டத்தில் காட்டினால் கணக்கு மாறிவிடும். 1,000இல் 500 செடிக்கு நோய் என்றால் 475ஐப் பிடிக்கும், நல்ல 500இல் 25ஐத் தப்பாகச் சொல்லும். எச்சரிக்கை வந்த நூற்றில் 95 உண்மை. நோய் ஊர் முழுக்கத் தெரியும்போது ஆப் அருமையாக வேலை செய்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அப்பாவின் கண்ணே போதும். உங்களுக்கு ஆப் தேவைப்படுவது நோய் ஆங்காங்கே ஒன்றிரண்டு செடியில் தலைகாட்டும்போது. அந்த நேரத்தில்தான் அதன் எச்சரிக்கை மிக அதிகமாகத் தவறும். இது இந்த ஒரு கம்பெனியின் குறை இல்லை, அரிதான ஒன்றைத் தேடும் எந்தக் கருவிக்கும் இதே நிலைதான்.

இரண்டு தப்பில் எது மோசம் என்பது நோயைப் பொறுத்தது. ஐப்பசி மழையில் பின் இலைக்கருகல் வந்து ஆப் அதைத் தவறவிட்டால் ஒரு வாரத்தில் தோட்டம் கருகிவிடும், அங்கே வீண் எச்சரிக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோடையில் இலைச்சுருள் வைரஸ் என்று தப்பாகச் சொன்னாலோ காய்க்கப்போகிற செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். அதனால் இந்த இரண்டு நோய்க்கும் தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து 98" என்பது இரண்டுக்கும் பதில் ஆகாது.

அடுத்து, அந்த 98ஐ எந்தப் போட்டோக்களில் பார்த்தார்கள்? இதற்கு ஒரு நடந்த கதை இருக்கிறது, விவரமாகவே சொல்கிறேன்.

பயிர் நோய்ப் படங்களுக்கு "பிளான்ட்வில்லேஜ்" என்று ஒரு பெரிய தொகுப்பு உண்டு. 14 வகைப் பயிர், 26 நோய், மொத்தம் 54,306 படங்கள். தக்காளிப் படங்கள் அதில் நிறைய. 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களை வைத்து ஒரு ஏஐக்கு நோய்களைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்காமல் ஒதுக்கிவைத்த, அதே தொகுப்பைச் சேர்ந்த படங்களைக் காட்டிச் சோதித்தபோது 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே ஏஐக்கு வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் காட்டியபோது 31 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. இரண்டு எண்ணையும் அவர்களே தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மைக்கு மரியாதை தர வேண்டும். விளம்பரம் எழுதுகிறவர் கையில் கிடைத்தால் இரண்டில் எது நோட்டீஸில் ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் இவ்வளவு சரிவு? அந்தத் தொகுப்பில் இலையைக் கிள்ளி, ஒரே நிறப் பின்னணியில் தனியாக வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ஒதுக்கிவைத்த படங்களும் அதே மேசை, அதே வெளிச்சம். கைடு புத்தகத்தில் இருக்கும் கணக்கையே பரீட்சையில் கேட்டால் பையன் நூறு வாங்குவான், எண்ணை மாற்றிக் கேட்டால்தான் அவனுக்குக் கணக்கு தெரியுமா என்று தெரியும். இங்கே நடந்தது அதுதான். பிறகு நோயன் என்ற ஆராய்ச்சியாளர் இன்னொன்றைச் செய்து காட்டினார். அந்தப் படங்களில் இலையே இல்லாமல், பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளின் நிறத்தை மட்டும் கொடுத்து ஒரு ஏஐயைப் பழக்கினார். அது 49 சதவீதம் சரியாகச் சொன்னது. மொத்தம் 38 வகை இருப்பதால், குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் 2.6 சதவீதம்தான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இலையில் இருக்கும் நோயைப் பார்க்காமல், இலை வைத்த மேசையைப் பார்த்தே பாதிக்குப் பாதி சொல்லிவிடலாம். அந்த மேசை பாலக்கோட்டில் இல்லை. உங்கள் தோட்டத்துப் படத்தில் செம்மண் இருக்கும், மல்ச்சிங் ஷீட்டின் பளபளப்பு இருக்கும், பக்கத்துச் செடியின் நிழல் இருக்கும், இலை மேல் போன வாரம் அடித்த மருந்தின் வெள்ளைப் படிவு இருக்கும்.

தக்காளிக்கு வெளியேயும் இதுதான் நடக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒர்க்காடோ என்ற நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா, ஏஐ எழுதியதா என்று 98 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று அந்த நிறுவனம் ஒரு கருவியை விற்றது. பொதுவான எழுத்துகளை வைத்து வெளியாட்கள் சோதித்தபோது வந்தது 53 சதவீதம், காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குக் கொஞ்சம் மேல். அந்தக் கருவியைக் கல்லூரிக் கட்டுரை மாதிரியான எழுத்தில் மட்டும் பழக்கிவிட்டு எல்லா எழுத்துக்கும் விற்றார்கள் என்பது கமிஷனின் குற்றச்சாட்டு.

ஆகவே உங்கள் கம்பெனிக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த 98ஐப் பார்த்தது வயலில் நின்ற செடியிலா, கிள்ளிய இலையிலா? நம் பக்கத்துத் தோட்டங்களில் எடுத்த படம் எத்தனை? அந்த இலைகளுக்கு என்ன நோய் என்று முதலில் முடிவு செய்தது யார்?" இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏஐ சொன்னது சரி என்று சொல்ல, சரியான விடை முன்பே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நோயியல் தெரிந்தவர் ஆய்வகத்தில் பார்த்துச் சொன்ன விடையா, ஆபீஸில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து யாரோ குறித்ததா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பதில் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றால் தப்பில்லை, காத்திருங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"கண்ணுக்குத் தெரியும் முன்பே" என்றாரே, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். போன் கேமரா நம் கண் பார்க்கும் அதே வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அலைநீளங்களைப் படிக்கும் கேமராக்கள் ஆராய்ச்சியில் இருக்கின்றன, நோயின் தொடக்கத்தை அவற்றால் சில நேரம் பார்க்கவும் முடிகிறது, ஆனால் உங்கள் போனில் இருப்பது அது இல்லை. சின்னப் புள்ளியை நாம் கவனிக்காமல் விட்டதைப் படத்தில் பெரிதாக்கிக் காட்டலாம், அதுவரை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் "முன்கூட்டியே" என்றால் அது பெரும்பாலும் வானிலையை வைத்துச் சொல்வதாக இருக்கும். மழை, குளிர், காற்றின் ஈரம் பார்த்து "இந்த வாரம் கருகல் வர வாய்ப்பு அதிகம்" என்று சொல்வது பயனுள்ளதுதான். ஆனால் உங்கள் செடியைப் பார்த்துச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள், ராயக்கோட்டை வரை எல்லாத் தோட்டத்துக்கும் அதே செய்திதான் போகும். அதற்கு ஏஐ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரிட்டனில் 1956இலேயே உருளைக்கிழங்கின் பின் இலைக்கருகலுக்கு ஸ்மித் என்பவர் ஒரு விதி வகுத்தார்: தொடர்ந்து 2 நாள் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாமல், தினமும் 11 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் எச்சரிக்கை. காகிதத்திலேயே போட்டுவிடலாம். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அந்த நோய் ஒன்றேதான். அவர் ஆப்பில் இருப்பது இப்படி ஒரு விதியா, படம் பார்த்துச் சொல்வதா என்று கேளுங்கள். விதியாக இருந்தால் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு 6,000 ரூபாய் தேவையா என்று யோசிக்கலாம்.

இனி, அவர் சொன்னது எதையும் நம்பாமல் நீங்களே சோதிக்கும் வழி. ஒரு காலைப் பொழுது போதும்.

கம்பெனிக்காரரைத் தோட்டத்துக்கே வரச் சொல்லுங்கள். டெமோவை உங்கள் போனில் செய்யச் சொல்லுங்கள், அவர் போனில் வேண்டாம். அவர் போனின் கேமரா உசத்தியாக இருக்கும், நாளைக்கு நீங்கள் பயன்படுத்தப்போவது உங்களுடையது. இலையை அவர் எடுக்கக் கூடாது, நீங்கள்தான் எடுக்க வேண்டும். கூட ஒருவர் வேண்டும், விடையைத் தீர்மானிக்க. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தோ, பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ ஒருவரை அழைத்துக் கேட்டுப் பாருங்கள். வர முடியாது என்றால் முதல் நாளே இலை மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அந்தந்தச் செடியில் எண் எழுதிக் கட்டிவிட்டு வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அனுபவமுள்ள இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாக எழுதட்டும், இரண்டு பேரும் ஒத்துப்போகாத இலையை விட்டுவிடுங்கள்.

முப்பது இலை எடுங்கள். பத்து நல்ல இலை, ஆனால் பொறுக்கி எடுத்த அழகான இலையாக இல்லாமல் மண் தெறித்தது, மருந்துப் படிவு உள்ளது, ஓரம் கிழிந்தது என்று கலந்து இருக்கட்டும். பத்து நிச்சயமான நோய் இலை: அடி இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழும் முன் இலைக்கருகல், கிடைத்தால் பின் இலைக்கருகல், இலைச்சுருள் வைரஸ் என்று. மிச்சம் பத்து, குழப்பக்கூடிய இலைகள். சோதனையின் உயிர் இந்தப் பத்தில்தான் இருக்கிறது.

வெயில் காலத்தில் தக்காளியின் அடி இலைகள் தானாகவே மேல் நோக்கிச் சுருண்டுகொள்ளும். இலை தடித்து விறைப்பாக இருக்கும், பச்சை மாறாது, கொழுந்து நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும். அது நோயே இல்லை, வெயிலுக்கும் தண்ணீருக்கும் செடி காட்டும் எதிர்வினை. வைரஸ் என்றால் கொழுந்தில் ஆரம்பிக்கும், புது இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாகிவிடும். போட்டோவில் இரண்டும் "சுருண்ட இலை"தான். அதே மாதிரி மக்னீசியம் குறைந்தால் அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சளாகும், இதையும் வைரஸ் என்று சொல்ல வாய்ப்புண்டு. இலைத்துளைப்பான் போட்ட வெள்ளைக் கோடு உள்ள இலை ஒன்று, பக்கத்தில் இருக்கும் கத்தரி இலை ஒன்று, ஆமணக்கு இலை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமணக்கு இலையைக் காட்டும்போது "இது தக்காளி இல்லை" என்றோ "தெரியவில்லை" என்றோ சொன்னால் அந்த ஆப்பின் மேல் எனக்கு மரியாதை கூடும். ஆமணக்குக்கும் தக்காளி நோயின் பெயரைச் சொல்லி "96 சதவீதம் உறுதி" என்று காட்டினால், திரையில் வரும் அந்த உறுதி சதவீதத்தை இனி எந்த இலைக்கும் நம்பாதீர்கள்.

சரியான விடையை முன்கூட்டியே நோட்டில் எழுதி மூடி வையுங்கள். படத்தைச் செடியில் இலை இருக்கும்படியே எடுங்கள். ஆப் என்ன சொல்கிறதோ அதைப் பக்கத்தில் எழுதுங்கள், மூன்று பெயர் சொன்னால் முதல் பெயர் மட்டும். "மூன்றில் ஒன்று சரியாக வந்ததே" என்று சேர்த்துக்கொள்ள விடாதீர்கள், மருந்துக் கடையில் நீங்கள் மூன்று நோய்க்கும் மருந்து வாங்கப்போவதில்லை. கடைசியாக ஐந்து இலையை மட்டும் சாயங்காலம் மறுபடி எடுங்கள். அதே இலைக்குக் காலையில் ஒரு நோய், மாலையில் ஒரு நோய் என்றால் இரண்டில் ஒன்றாவது தப்பு என்று சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம்.

ஒரு முடிவு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள பத்தில் எட்டுக்குச் சரியான பெயர். நல்ல பத்தில் மூன்றை நோய் என்றது. குழப்பமான பத்தில் நான்குதான் சரி. மொத்தம் 30க்கு 19. கம்பெனிக்காரர் குழப்பமான இலைகளைக் கொடுத்தது நியாயமில்லை என்பார். சரி, அதை விட்டுவிடுங்கள், 20க்கு 15, அதாவது 75 சதவீதம். 98க்கும் இதற்கும் உள்ள தூரம் அதிர்ஷ்டக் குறைவால் வந்திருக்குமா? நல்ல இலையில் நூற்றுக்கு இரண்டுதான் அது தவறும் என்பது உண்மையாக இருந்தால், பத்து இலையில் மூன்று தப்பு வருவது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நடக்காது. அதனால் அந்த 98 உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது என்று தைரியமாகச் சொல்லலாம். இதை அந்த 1,000 செடியில் போட்டால் நோயுள்ள 20இல் 16 அகப்படும், நல்ல 980இல் 294 செடிக்கு வீண் எச்சரிக்கை. 310 எச்சரிக்கையில் 16 உண்மை.

பத்து இலை என்பது சின்ன அளவு, அதனால் 30 சதவீதம் தவறும் என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது மறுபக்கமும் பொருந்தும். முப்பது இலையிலும் ஒரு தப்புகூட வராமல் போனாலும் "தவறவே தவறாது" என்று ஆகிவிடாது. தப்பே வராதபோது மூன்றை இலை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது புள்ளியியலில் ஒரு சுருக்குவழி: 30 இலைக்கு மூன்று என்றால் 10 சதவீதம். அதுவரை தவறக்கூடிய கருவியும் முப்பதைத் தப்பில்லாமல் தாண்டிவிட முடியும். முதல் சோதனையில் தேறினால் மழைக்காலத்தில் இன்னொரு தடவை வேறு முப்பது இலையில் பாருங்கள்.

எவ்வளவு நல்ல ஆப் என்றாலும் இலைப் படத்துக்கு ஒரு எல்லை உண்டு. செடி வாடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவா, பாக்டீரியா வாடலா, வேர்முடிச்சு நூற்புழுவா? மூன்றிலும் இலை தொங்கித்தான் இருக்கும். தண்டை அடியில் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் வெட்டிய முனை மட்டும் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் மாதிரி மெல்லிய நூல் கீழே இறங்கும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் நூற்புழுவின் முடிச்சுகள் வேரில் தெரியும். இதற்குச் சந்தா கிடையாது. வாடிய செடியின் இலையை மட்டும் பார்த்து இந்த மூன்றையும் பிரித்துச் சொல்கிறேன் என்று ஒரு ஆப் சொன்னால், எப்படி என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஆப் நோயின் பெயரைச் சொன்ன பிறகு என்ன செய்கிறது என்றும் கவனியுங்கள். உடனே ஒரு மருந்தின் கம்பெனிப் பெயரைக் காட்டி "வாங்க" என்ற பட்டன் வந்தால், சந்தாவை விட மருந்து விற்பனையில்தான் அவர்களுக்கு வருமானம் என்று பொருள். அந்த ஆப்புக்கு வீண் எச்சரிக்கை நஷ்டம் இல்லை, லாபம். குறிப்பாக, இலைச்சுருள் வைரஸ் என்று சொல்லிவிட்டு அதைக் குணப்படுத்தும் மருந்து என்று எதையாவது காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்கும் தெளிப்பு எதுவும் இல்லை. அடிக்கும் மருந்து அதைப் பரப்பும் வெள்ளை ஈக்குத்தான்.

எல்லாம் பார்த்தபின் வாங்குவதென்றால், வாயால் சொன்னதைக் காகிதத்தில் வாங்குங்கள். "தக்காளியில் முன் இலைக்கருகல், பின் இலைக்கருகல், இலைச்சுருள் வைரஸ் மூன்றையும் வயலில் எடுத்த படத்தில் 98 சதவீதம் சரியாகச் சொல்லும், இல்லையென்றால் பணம் திரும்ப" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அவர் எண்ணிலிருந்து வந்தாலும் போதும். எழுதித் தர மாட்டேன், ஆனால் நம்புங்கள் என்கிறவரிடம் 6,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். நோட்டீஸையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்குகிறவரும் நுகர்வோர்தான், வியாபாரத்துக்கு வாங்கினீர்கள் என்று சொல்லி உங்களைத் தள்ளிவிட முடியாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. 1915 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே புகார் சொல்லலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், அங்கே உங்கள் முப்பது இலை நோட்டு, தேதியோடு போட்டோக்கள், ஆப் காட்டிய திரையின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கைகொடுக்கும். அதனால் சோதனை நாளன்று ஒவ்வொரு பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள், தம்பி. சந்தா முடிந்ததும் ஆப் பூட்டிக்கொள்ளும், பழைய பதில்களை அதற்குப் பிறகு திறந்து பார்க்க முடியாமல் போகலாம்.